மொழிபெயர்ப்பு உரிமை: குத்தகைக்கு விடுங்கள், கிரயம் செய்யாதீர்கள்

2022 செப்டம்பரில், ஈரோடு புத்தகத் திருவிழா முடிந்த அடுத்த மாதம், கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு நண்பர் பேசினார். தறிக்குடும்பம் ஒன்றைப் பற்றிய அவருடைய நாவல் தமிழில் மூன்றாம் பதிப்புக்கு வந்திருந்தது. கேரளத்துப் பதிப்பாளர் ஒருவர் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பு உரிமைக்கு மொத்தமாக 20,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, ஒரு பக்க ஒப்பந்தத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

“கையெழுத்துப் போட்டறலாமுங்களா அண்ணா?” என்று கேட்டார்.

“எனக்கு அனுப்புங்க. படிச்சுட்டுச் சொல்றேனுங்க” என்றேன்.

படித்தால், அந்த ஒப்பந்தத்தில் மலையாளம் என்ற சொல்லே இல்லை. “மொழிபெயர்ப்பு உரிமைகள் அனைத்தும்” என்று இருந்தது. காலம் என்ற இடத்தில் “பதிப்புரிமை நீடிக்கும் வரை” என்று போட்டிருந்தார்கள். இந்தியச் சட்டப்படி அது எழுத்தாளரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்தபின் இன்னும் 60 ஆண்டுகளும். நாளைக்கு ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ யாராவது கேட்டால், நண்பர் அந்தப் பதிப்பாளரைத்தான் கைகாட்ட வேண்டியிருக்கும். பதிப்பாளர் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல மாட்டேன். யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த பாரத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் தோட்டத்தை யாரும் இப்படிக் கொடுக்க மாட்டார்கள். கிரயம் வேறு, குத்தகை வேறு. குத்தகை என்றால் எந்தக் காடு, எத்தனை வருடம், என்ன வெள்ளாமை என்று பேசித்தான் விடுவோம். மொழிபெயர்ப்பு உரிமையும் அதேபோலத்தான். ஒவ்வொரு மொழியும் தனிக் காடு. ரைட்ஸ் ஏஜென்ட் என்பவர் முக்கியமாகச் செய்வது இந்தக் காடுகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தகுந்த ஆளுக்கு, தகுந்த காலத்துக்கு விட்டு, பணம் வருகிறதா என்று பார்ப்பது. நானே அந்த வேலை செய்கிறவன் என்பதால், இனி சொல்வதைக் கொஞ்சம் கழித்தே படித்துக்கொள்ளுங்கள்.

முதலில், உரிமை உங்கள் கையில்தான் இருக்கிறதா?

விற்கக் கிளம்பும் முன் தமிழ்ப் பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்தை எடுங்கள். ஒப்பந்தமே இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுதிக்கொடுப்பது என்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எழுதிக்கொடுக்காத உரிமை எழுத்தாளரிடமே தங்கிவிடும். “தமிழில் அச்சிட்டு விற்க” என்று மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பு உங்களுடையது.

“மொழிபெயர்ப்பு உள்ளிட்ட அனைத்து உரிமைகளும்” என்று இருந்தால் அடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். காலம் எழுதவில்லை என்றால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்பு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். இவையெல்லாம் 1994 திருத்தத்தோடு சேர்ந்து வந்தவை. அதற்கு முன் எழுதிக்கொடுத்த பழைய ஒப்பந்தம் என்றால் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பதிப்பகமே உரிமையை வைத்திருந்து, வரும் பணத்தில் உங்களுக்கு இத்தனை பங்கு என்று ஒப்பந்தம் இருப்பதும் உண்டு. அதில் தவறில்லை. தமிழில் இந்த வேலையை நன்றாகச் செய்யும் பதிப்பகங்கள் இருக்கின்றன. அப்படியானால் பதிப்பகம்தான் உங்கள் ஏஜென்ட். இந்த இரண்டு வருடத்தில் யார் யாருக்கு அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது என்று அவர்களைக் கேட்கலாம். பதில் சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லை என்றால், அந்த உரிமையைத் திருப்பிக் கேட்கும் பேச்சைத் தொடங்க வேண்டியதுதான்.

கோபி நண்பர் விஷயத்தில் பதிப்பக ஒப்பந்தம் சுத்தமாக இருந்தது. சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. நாவலைப் படித்து உருகிய ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு, “ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க எனக்கு ஆட்சேபணை இல்லை” என்று இவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். தேதி வரம்பு எதுவும் அதில் இல்லை. மூன்று வருடமாக அவரிடமிருந்து ஒரு அத்தியாயமும் வரவில்லை. இதை நீக்கிக்கொள்ளாமல் ஆங்கிலப் பதிப்பாளர் யாரிடமும் போக முடியாது. நாளைக்கு இரண்டு கைப்பிரதி வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் நண்பர்தான். மொழிபெயர்ப்பாளரிடம் பேசி, முந்தைய அனுமதி முடிந்துவிட்டது என்று இருவரும் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் போட்டோம். அதற்கே ஆறு வாரம் ஆனது. ஆர்வத்தோடு கேட்கிறவருக்கு அனுமதி கொடுங்கள், தப்பில்லை. ஆனால் “ஒன்பது மாதத்துக்கு” என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.

அப்புறம், காட்டுவதற்கு ஒரு மாதிரி

மஞ்சள் ஏலத்துக்கு மூட்டை மூட்டையாகக் கொட்டிக் காட்டுவதில்லை. மாதிரியை வைத்துத்தான் விலை கேட்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான். தமிழ் தெரியாத பதிப்பக ஆசிரியரிடம் 300 பக்க நாவலைக் கொடுத்து ஒன்றும் ஆகாது. அவருக்குப் போக வேண்டியது ஒரு சின்னக் கட்டு: ஆங்கிலத்தில் இருபது பக்க அளவுக்கு மாதிரி மொழிபெயர்ப்பு, முடிவையும் சேர்த்துச் சொல்லும் இரண்டு பக்கக் கதைச்சுருக்கம், எழுத்தாளர் குறிப்பு, விற்பனை விவரம், எந்தெந்த மொழி உரிமை இன்னும் காலியாக இருக்கிறது என்ற பட்டியல்.

கதைச்சுருக்கத்தில் முடிவை மறைப்பவர்கள் நிறைய. “மீதியைப் புத்தகத்தில் காண்க” என்பது வாசகருக்குச் சரி. பணம் போடப்போகிற ஆசிரியருக்கு முடிவு தெரிந்தாக வேண்டும்.

விற்பனை எண்ணிக்கையில் கூட்டிச் சொல்லாதீர்கள். “மூன்று பதிப்பு” என்பதற்கு வெளியூரில் அர்த்தமில்லை. ஒரு பதிப்பு 300 பிரதியாகவும் இருக்கும், 2,000 ஆகவும் இருக்கும். “மூன்று வருடத்தில் 3,100 பிரதி” என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். ராயல்டிக் கணக்கில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போகவும் வேண்டும்.

மாதிரிக்கு எந்தப் பகுதியை எடுப்பது என்பதில் எழுத்தாளரும் ஏஜென்டும் முட்டிக்கொள்வது வழக்கம். நண்பர் தொண்டுப்பட்டிக்குள் இரண்டு கிழவர்கள் பேசிக்கொள்ளும் அத்தியாயத்தைத்தான் போட வேண்டும் என்றார். தமிழில் அது அற்புதமான பகுதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் ருசி முழுக்க ‘ஏனுங்க’விலும் ‘அக்கட்டாலே’யிலும் இருக்கிறது, ஆங்கிலத்தில் இரண்டு பேர் வெறுமனே பேசிக்கொண்டிருப்பார்கள். கடனுக்கு வைத்த தறியை ஆட்கள் கழற்றிக்கொண்டு போகும் இரவைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே செயல் இருக்கிறது, பேச்சுவழக்கு அதற்கு உப்புப்போலச் சேர்கிறது.

மாதிரிக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சில ஏஜென்ட்கள் ஏற்று, பிறகு வரும் பணத்தில் கழித்துக்கொள்வார்கள். சிலர் எழுத்தாளரையே கேட்பார்கள். இதில் பணம் மொழிபெயர்ப்பாளருக்குப் போகிறது என்பதால் கேட்பது முறைதான். “உங்கள் புத்தகத்தைப் படித்துப் பார்க்க இவ்வளவு”, “பதிவுக் கட்டணம் இவ்வளவு” என்று ஏஜென்ட் தனக்காகக் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஏஜென்டுக்கு வருமானம் கமிஷனில்தான் இருக்க வேண்டும்.

எந்த மொழியிடம் முதலில் போவது?

எல்லாவற்றையும்விட இதில்தான் ஏஜென்டின் கணக்கு தெரியும். மலையாளத்திலும் கன்னடத்திலும் தமிழிலிருந்து நேரடியாக மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய மொழிகளில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. இத்தாலியிலோ ஸ்பெயினிலோ இருக்கும் ஆசிரியர் உங்கள் நாவலை ஆங்கிலத்தில்தான் படிப்பார், பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்துதான் மொழிபெயர்க்கவும் வைப்பார். அதாவது உங்கள் தண்ணீர் ஆங்கிலம் என்ற வாய்க்கால் வழியாகத்தான் அங்கே போகிறது. வாய்க்கால் யார் காட்டுக்குள் ஓடுகிறது, மடை யார் கையில் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

இந்திய ஆங்கிலப் பதிப்பகம் ஒன்று கேட்கும்போது, அவர்கள் அனுப்பும் பாரத்தில் “உலக ஆங்கில உரிமை” என்றும், அதற்கு மேல் “பிற மொழி உரிமைகள்” என்றும் இருக்கலாம். ஏஜென்ட் முதலில் பேசுவது இந்த இரண்டு வரிகளைத்தான். பிற மொழிகளை அடித்துவிடுவார். ஆங்கிலத்திலும் இந்தியத் துணைக்கண்டத்தை மட்டும் கொடுத்துவிட்டு, பிரிட்டனையும் அமெரிக்காவையும் தனியாக வைத்துக்கொள்ளப் பார்ப்பார். இது வெறும் பேராசை இல்லை. சர்வதேச புக்கர் பரிசுக்கு பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தாக வேண்டும். நம் பக்கத்துக்காரரான பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2023இல் அதன் நெடும்பட்டியலுக்கு வந்தது. இந்தியாவில் மட்டும் அச்சாகி நின்றிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது. ஆங்கில மொழிபெயர்ப்பின் வாசகங்களுக்குப் பதிப்புரிமை, எழுதிக்கொடுத்திருந்தாலொழிய, மொழிபெயர்ப்பாளருக்கு உரியது. இத்தாலியப் பதிப்பு அந்த ஆங்கிலத்திலிருந்து செய்யப்பட்டால் அவரிடமும் அனுமதி வேண்டும், அவருக்கும் ஒரு தொகை போக வேண்டும். ஆங்கில ஒப்பந்தம் போடும்போதே இதற்கு ஒரு விகிதம் பேசி எழுதிவைத்தால் பின்னால் மனஸ்தாபம் வராது.

விற்கும் வேலை என்பது பெரும்பாலும் கடிதம் எழுதுவதும் காத்திருப்பதும்தான். ஏஜென்ட் இருபது பேரைத் தேர்ந்தெடுத்து எழுதுவார். யாருக்கு இந்த மாதிரி நாவல் பிடிக்கும், யாரிடம் இதேபோல ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்ற ஞாபகம்தான் அவருடைய முதலீடு. அக்டோபரில் நடக்கும் பிராங்க்பர்ட் புத்தகக் கண்காட்சியில் ஒரு மேசையில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒருவரைப் பார்ப்பார்கள். அங்கே கையெழுத்தாவது குறைவு, “சரி, மாதிரியை அனுப்புங்கள்” என்ற பதில்தான் அங்கிருந்து கொண்டுவரும் சரக்கு. 2023 ஜனவரியிலிருந்து சென்னையிலேயே தமிழ்நாடு அரசு சர்வதேசப் புத்தகக் கண்காட்சியை நடத்துகிறது. தமிழ்ப் புத்தகத்தை வாங்கும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு மொழிபெயர்ப்பு நல்கையும் இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியவர் வாங்கும் பதிப்பாளர். ஆனால் அவருக்கு அதைச் சொல்லி, காகிதங்களைத் தயார் செய்து கொடுப்பது ஏஜென்ட்.

மலையாள ஒப்பந்தம் எப்படி முடிந்தது

கேரளத்துப் பதிப்பாளரிடம் திரும்பப் பேசினோம். அவருக்கு உண்மையில் மலையாளம் மட்டும்தான் வேண்டியிருந்தது. மற்ற மொழிகளை எடுத்து என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. அதனால் சண்டையில்லாமல் முடிந்தது. மொத்தத் தொகைக்குப் பதில் ராயல்டி: அச்சிட்ட விலையில் 7 சதவீதம். புத்தக விலை 400 ரூபாய், முதல் அச்சு 1,000 பிரதி. ஆக ஒரு பிரதிக்கு 28 ரூபாய், முதல் அச்சு முழுக்க விற்றால் 28,000. அதில் பாதியான 14,000 ரூபாயை முன்பணமாகக் கையெழுத்தன்றே தர வேண்டும். முன்பணம் என்பது ராயல்டியிலிருந்து கழியும். விற்பனை குறைந்தாலும் அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று எழுதிக்கொண்டோம்.

உரிமை மலையாள அச்சுப் பதிப்புக்கு மட்டும், வெளியான நாளிலிருந்து ஐந்து வருடம். கையெழுத்திட்டு 18 மாதத்துக்குள் புத்தகம் வராவிட்டால் உரிமை தானாகத் திரும்பிவிடும், முன்பணம் எழுத்தாளருக்கே. ஒலிப்புத்தகத்தையும் திரைப்படத்தையும் கொடுக்கவில்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு, ஜூன் மாதத்துக்குள் அறிக்கை. மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையிலேயே வர வேண்டும் என்பது நண்பர் கேட்டுக்கொண்டது. பழைய கடித விவகாரத்துக்கு அது பிராயச்சித்தமோ என்னவோ.

என் கமிஷன் 15 சதவீதம். 14,000இல் 2,100 போக, நண்பர் கைக்கு வந்தது 11,900.

“இருபதாயிரத்தை வேண்டாம்னுட்டுப் பன்னெண்டாயிரத்துக்கு வந்துட்டமுங்களே” என்றார். நியாயமான கேள்விதான். மலையாளத்தை மட்டும் பார்த்தால், 840 பிரதிக்கு மேல் விற்றால்தான் கமிஷன் போகப் பழைய தொகையைத் தாண்டும், முதல் அச்சு முழுக்க விற்றால் 28,000இல் கமிஷன் போக 23,800 ஆகும். அதுவரை பொறுக்க முடியாது, பணம் உடனே வேண்டும் என்கிறவர் மொத்தத் தொகையை வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு மொழிக்கு, ஐந்து வருடத்துக்கு என்று கட்டி வாங்க வேண்டும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இந்திய மொழி ஒப்பந்தம் ஒன்றில் ஏஜென்டுக்குக் கிடைப்பது இரண்டாயிரம், மூவாயிரம். அதற்காக மாதக்கணக்கில் உழைக்க யாரும் வரமாட்டார்கள். கன்னடத்துக்கோ தெலுங்குக்கோ மட்டும் கேட்டு வந்திருக்கிறார்கள் என்றால் மேலே சொன்ன வரிகளை வைத்துக்கொண்டு நீங்களே பேசிவிடலாம். ஆங்கிலம், அதற்கு அப்பால் என்று போகும்போதுதான் ஏஜென்ட் வேண்டும்.

வெளிநாட்டில் கமிஷன் பெரும்பாலும் 20 சதவீதம். அந்த நாட்டில் இருக்கும் துணை ஏஜென்டும் அதில் பங்குபோட்டுக்கொள்வார். வரியும் அங்கேயே பிடிபடும். ஜெர்மனியை எடுத்துக்கொண்டால், காகிதம் எதுவும் கொடுக்காதவருக்கு ராயல்டியில் 15.825 சதவீதம் பிடிப்பார்கள். இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தப்படி அது 10 சதவீதம்தான். குறைந்த விகிதம் வேண்டுமென்றால், நீங்கள் இந்தியாவில் வரி கட்டும் குடியிருப்பாளர் என்ற சான்றை நம் வருமான வரித் துறையிடம் வாங்கி, ஜெர்மன் வரி அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ் பெற வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் கையெழுத்தான வாரமே தொடங்குபவர்தான் வேலை தெரிந்த ஏஜென்ட்.

ஏஜென்டோடு போடும் ஒப்பந்தம்

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். வாங்குகிறவர் சொன்னது விற்கிறவருக்குத் தெரியாது. ஏஜென்டிடம் அந்தத் துண்டு இருக்கக் கூடாது. வந்த ஒவ்வொரு விலையையும், மறுத்தவர் யார் என்பதையும் உங்களுக்குக் காட்ட வேண்டும், கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். “எனக்குப் பவர் எழுதிக்கொடுத்துடுங்க, நானே பாத்துக்கறேன்” என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

எந்தப் புத்தகம், எந்த மொழிகள், எத்தனை காலம் என்று எழுதுங்கள். முதல் தடவை இரண்டு வருடம் போதும். பிரிய நினைத்தால் மூன்று மாத நோட்டீஸ். பணம் ஏஜென்ட் கணக்குக்கு வந்து அவர் கழித்துத் தருவதானால், வந்து எத்தனை நாளில் தர வேண்டும் என்பதும் வேண்டும். 30 நாள் என்று போடலாம். பிரிந்த பிறகும், அவர் முடித்துக்கொடுத்த ஒப்பந்தங்களுக்கு அவருக்குக் கமிஷன் போய்க்கொண்டிருக்கும். அது வழக்கம், அதில் முறைத்துக்கொள்ள வேண்டாம்.

அறிக்கை வந்த பிறகு

மலையாளப் பதிப்பு 2024 மே மாதம் வந்தது. 2025 ஜூனில் முதல் அறிக்கை வந்தது: விற்றது 640 பிரதி, ராயல்டி 11,648 ரூபாய், முன்பணம் 14,000இல் இன்னும் 2,352 ரூபாய் கழிய வேண்டியிருக்கிறது, எனவே இப்போது தர ஒன்றுமில்லை. நண்பர் “சரிதானுங்க, மெதுவா வித்துட்டுப் போகுது” என்று விட்டுவிட்டார்.

11,648ஐ 640ஆல் வகுத்தால் பிரதிக்கு 18 ரூபாய் 20 காசு வருகிறது. நாங்கள் பேசியது 28. கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்த பிறகு வரும் 260 ரூபாயில் 7 சதவீதம் போட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் “அச்சிட்ட விலையில்” என்று தெளிவாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஒரு கடிதம் எழுதினேன். அவர்களுடைய கணக்காளர் மற்ற புத்தகங்களுக்குப் போடுகிற மாதிரியே போட்டுவிட்டாராம். பத்து நாளில் திருத்திய அறிக்கை வந்தது: 640க்கு 17,920, முன்பணம் கழித்து 3,920 பாக்கி. என் கமிஷன் 588 போக 3,332 ரூபாய் கோபிக்குப் போனது. அடுத்த அறிக்கைக்கான தேதியைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு, ஆங்கில மாதிரியை வாங்கி நான்கு மாதமாகப் பதில் போடாத ஆசிரியருக்கு ஒரு ஞாபகக் கடிதம் அனுப்பினேன்.